போலி ஆன்லைன் கடை, போலி டிராக்கிங் நம்பர்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளில்தான் இங்கே பெரிய சாமான் வாங்கும் வேலை நடக்கிறது. என்ஜின் வேலை, வலை, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் அந்தக் காலத்தில்தான். கையில் போனும் இருக்கும், நேரமும் இருக்கும். மண்டபத்தைச் சேர்ந்த ஒரு படகு உரிமையாளருக்குப் போன தடைக்காலத்தில் நடந்ததை நடுவில் வைத்தே கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

இன்ஸ்டாகிராம்ல பாதி விலைக்கு எக்கோ சவுண்டர் போட்டுருக்காய்ங்க. கடை நெசமா பொய்யான்னு எதை வச்சுப் பாக்குறது?

பணம் யார் பெயருக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். யூபிஐ கியூஆரை ஸ்கேன் செய்ததும், பின் போடுவதற்கு முன்பே, பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். கடையின் பெயர் "மரைன் எலக்ட்ரானிக்ஸ்" என்று இருக்க, திரையில் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மண்டபத்துக்காரருக்கும் தனி ஆள் பெயர்தான் வந்தது. கேட்டதற்கு "எங்க அக்கவுண்டன்ட் பேருங்க" என்று பதில் வந்திருக்கிறது. ஒழுங்காக வியாபாரம் செய்கிறவர் அக்கவுண்டன்டின் சொந்தக் கணக்கில் பணம் வாங்க மாட்டார்.

இரண்டாவது, இணையதளத்தின் வயது. lookup.icann.org என்ற பக்கத்தில் கடையின் முகவரியைப் போட்டால் பெரும்பாலும் அது பதிவான தேதி வரும். "20 வருட அனுபவம்" என்று முகப்பில் எழுதியிருந்த அந்தக் கடையின் முகவரி, பதிவாகி ஒரு மாதம்கூட ஆகாதது. புதிய முகவரி என்பதற்காகவே கடை பொய்யாகிவிடாது. பழைய கடை என்று சொல்லிக்கொண்டு புதிய முகவரியில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, "கேஷ் ஆன் டெலிவரி இல்லை, முன்பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்கிற பேச்சு. நல்ல கடைகளும் இப்படிச் சொல்வதுண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். மேலே சொன்ன இரண்டில் ஒன்றோடு சேர்ந்து வந்தால் விட்டுவிடுங்கள்.

லைக், ஃபாலோயர், கமெண்ட்டில் இருக்கும் "சூப்பர் புராடக்ட்" இதெல்லாம் காசுக்குக் கிடைப்பவை. அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஜிஎஸ்டி நம்பர் போட்டுருக்காய்ங்களே, அது போதாதா?

நம்பர் இருப்பது போதாது, அது யாருடையது என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். பான் எண்ணின் நாலாவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது, P என்று இருந்தால் தனி ஆள், C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம். கடைப் பெயரில் "பிரைவேட் லிமிடெட்" என்று இருக்கும், எண்ணில் ஆறாவது எழுத்து P ஆக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது.

services.gst.gov.in பக்கத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவு தேதி எல்லாம் வரும். மோசடிக்காரர்கள் வேறொருவரின் உண்மையான எண்ணைத் திருடிப் போடுகிறார்கள். ஆகவே "எண் செல்லும்" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே வரும் பெயரும் யூபிஐ திரையில் வரும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

டிராக்கிங் நம்பர் அனுப்பிட்டான். அப்ப சாமான் கெளம்பிருச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. எண்ணை யாரும் தட்டச்சு செய்து அனுப்பலாம். உண்மையான கூரியர் எண்ணாகவே இருந்தாலும் கணினியில் லேபிள் மட்டும் போட்டுவிட்டுப் பொருளை ஒப்படைக்காமல் இருக்கலாம். அப்படி இருந்தால் "தகவல் கிடைத்தது" அல்லது "லேபிள் தயார்" என்ற அளவிலேயே நாட்கணக்கில் நிற்கும். கூரியர் கையில் பொருள் வந்து ஸ்கேன் ஆனால்தான் "பிக்கப்" அல்லது "புக்கிங்" என்று ஒரு வரி கூடும். அந்த வரிதான் கணக்கு.

உங்கள் வாயை நாலைந்து நாள் அடைத்து வைப்பதற்காகத்தான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, ஏடிஎம் வழியாக வெளியேறும்வரை நீங்கள் புகார் கொடுக்காமல் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

அவன் அனுப்புன லிங்க்ல பாத்தேன் அண்ணே. சூரத், சென்னை, மதுரைன்னு வரிசையா வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

அவர் அனுப்பிய லிங்க்கில் பார்க்காதீர்கள். கூரியரின் பெயரை நீங்களே தேடி, அவர்களின் சொந்த இணையதளத்தைத் திறந்து அதில் எண்ணைப் போடுங்கள். தபால் என்றால் indiapost.gov.in. மண்டபத்துக்காரருக்கு வந்த லிங்க், கூரியர் பெயரைப் போலவே தொடங்கி .top என்று முடிந்தது. பார்வைக்கு அச்சு அசல்.

அந்தப் பக்கத்தை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். உங்கள் எண்ணுக்குப் பதிலாக 111222333 மாதிரி வாய்க்கு வந்த எண் ஒன்றைப் போடுங்கள். சொந்தப் போன் நம்பரைப் போட வேண்டாம். உண்மையான தளம் "விவரம் இல்லை" என்று சொல்லும். அந்தப் போலிப் பக்கமோ 111222333க்கும் சூரத், சென்னை, மதுரை என்று அதே பயணத்தை, அதே நேரத்தோடு காட்டியது. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரே படம்தான் ஓடியது. ஆனால் எல்லாப் போலிகளும் இவ்வளவு சோம்பேறிகள் இல்லை. சிலவற்றில் அவர்கள் கொடுத்த எண்களுக்கு மட்டுமே படம் ஓடும். எனவே இந்தச் சோதனையில் மாட்டினால் போலி என்பது உறுதி. மாட்டாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது.

ஸ்பீடு போஸ்ட் நம்பர்னு ஒண்ணு குடுத்தாய்ங்க. தபால் சைட்டு அன்னைக்குத் திறக்கவே இல்ல. நம்பரை மட்டும் வச்சு ஏதும் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஸ்பீடு போஸ்ட் எண் 13 எழுத்து: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN. ஒன்பதாவது இலக்கம் சும்மா வருவதில்லை. முன்னால் இருக்கும் எட்டு இலக்கத்தைக் கணக்குப் போட்டால் வருவது அது. உலகத் தபால் ஒன்றியத்தின் முறை இது. எட்டு இலக்கத்தையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 என்று வந்தால் 0, 11 என்று வந்தால் 5.

மண்டபத்துக்காரருக்கு வந்த எண்ணைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம், EG473124825IN:

```
4  7  3  1  2  4  8  2
8  6  4  2  3  5  9  7
32+42+12+2+6+20+72+14 = 200
200 / 11  மீதி 2
11 - 2 = 9
```

ஒன்பதாவது இலக்கம் 9 ஆக இருக்க வேண்டும். வந்ததோ 5. அப்படி ஒரு எண்ணைத் தபால் துறை அச்சடித்திருக்கவே முடியாது. போன் கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை.

கணக்கு சரியாக வந்தால் எண்ணின் அமைப்பு சரி என்பது மட்டும்தான் தெரியும். உங்கள் பார்சல் என்று அர்த்தமில்லை. தனியார் கூரியர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஒவ்வொருவருக்கும் ஒரு முறை.

தபால் சைட்லயே "டெலிவர்டு"ன்னு காட்டுது. வீட்டுக்கு ஒண்ணுமே வரல. இது என்ன கூத்து?

இருப்பதிலேயே தந்திரமானது இதுதான். விற்பவர் உண்மையாகவே ஒரு தபாலை அனுப்புகிறார். உங்கள் பின்கோடுக்கு, ஆனால் வேறொரு முகவரிக்கு. உள்ளே ஒரு காகிதமோ, பத்து ரூபாய்ச் சாமானோ இருக்கும். கீழக்கரையில் நீங்கள் ஆர்டர் போட்டால் 623517க்கு ஒரு உறை வந்து, யாரோ ஒருவர் வாங்கிக்கொள்வார். தளத்தில் "டெலிவர்டு" என்று விழும். நீங்கள் வங்கியில் புகார் செய்யும்போது அந்தத் திரையைத்தான் அவர் ஆதாரமாகக் காட்டுவார்.

இதை உடைக்கத் தபால் பக்கத்திலேயே மூன்று இடம் இருக்கிறது. பதிவான ஊர், பதிவான தேதி, கட்டணம். நீங்கள் பணம் கட்டிய தேதிக்கு முன்பே பதிவான தபால் உங்களுடையதாக இருக்காது. கடை சூரத் என்று சொல்ல, புக்கிங் வேறு மாநிலத்தில் நடந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் எடையைக் காட்டிக்கொடுக்கும். வடக்கிலிருந்து இரண்டு கிலோ கருவி இரண்டு இலக்கக் கட்டணத்தில் வரவே வராது, அது கடித உறைக்கான தொகை.

அப்புறம் உங்கள் பகுதித் தபால் நிலையத்துக்கே போய், அந்த எண்ணில் வந்தது எந்தப் பெயருக்கு, எந்தத் தெருவுக்குக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். நம் ஊர்களில் தபால்காரருக்கு ஆளைத் தெரியும் என்பது பெரிய வசதி. "இந்த எண்ணில் வந்தது இந்த முகவரிக்கு அல்ல" என்று எழுத்தில் வாங்கப் பாருங்கள். தரத் தயங்கினால் 1800-266-6868 என்ற தபால் துறை எண்ணில் புகார் பதிந்து அந்தப் புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கூரியராக இருந்தால், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோ படமோ உள்ள டெலிவரி ஆதாரத்தை மின்னஞ்சலில் கேளுங்கள்.

பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குதாம். 2,360 கட்டுனா விட்ருவாய்ங்களாம், அந்தக் காசும் திரும்பி வருமாம்.

கட்டாதீர்கள். சூரத்திலிருந்து மண்டபத்துக்கு வரும் பார்சலுக்குச் சுங்கம் ஏது? இந்தக் கரையில் "கஸ்டம்ஸ்" என்ற சொல்லுக்கு மற்ற ஊர்களைவிடப் பயம் அதிகம், அதைத் தெரிந்தே சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிநாட்டுப் பார்சலுக்கு உண்மையிலேயே வரி இருந்தாலும் அதை ஒரு தனி ஆளின் யூபிஐக்குக் கட்டச் சொல்ல மாட்டார்கள். ரசீதோடு தபால் நிலையமோ கூரியரோ வாங்கும். "முகவரி முழுமையாக இல்லை, 12 மணி நேரத்தில் லிங்க்கில் சரிசெய்யவும்" என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸும் இதே ரகம்.

மண்டபத்துக்காரர் இந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டார். முதல் 11,999 ரூபாய் போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

பணம் போட்டுட்டேன். இப்ப மொதல்ல என்ன செய்யணும்?

சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் போடுங்கள். விற்பவரைத் திட்டி மெசேஜ் அனுப்புவதற்கு முன், வங்கிக்கு ஓடுவதற்கு முன், இதுதான். தமிழிலேயே பேசலாம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பணம் போன வங்கிக் கணக்கு, தேதி, நேரம், தொகை, யூபிஐ ஆப்பில் பரிவர்த்தனையைத் தொட்டால் வரும் 12 இலக்க UTR எண், பணம் போன யூபிஐ முகவரி. UTR எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் பணத்தின் தடம் கிடைக்காது. அதனால் பார்த்துப் படிக்காமல் நகலெடுத்து வைத்துப் படியுங்கள்.

அந்த அழைப்பின் பயன் என்னவென்றால், உங்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அங்கே பணம் இருந்தால் அந்தத் தொகையை முடக்குவார்கள். அடுத்த கணக்குக்குத் தாண்டியிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணமாக எடுக்கப்பட்டுவிட்டால் அங்கே சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் மணிக்கணக்கு இங்கே முக்கியம்.

போனில் பதிந்ததும் எஸ்எம்எஸ்ஸில் ஒப்புகை எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் cybercrime.gov.in பக்கத்தில் புகாரை முழுமையாக்கி, படங்களை ஏற்ற வேண்டும். பலர் போன் பேசியதோடு விட்டுவிடுகிறார்கள். புகார் பாதியில் நிற்கிறது. 1930 லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் நேராக அந்தப் பக்கத்திலேயே பதிந்துவிடுங்கள்.

படம் எடுக்கும்போது கடையின் பக்கம், விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, போலி டிராக்கிங் பக்கம் எல்லாவற்றையும் முகவரிப் பட்டை தெரியும்படி எடுங்கள். விற்பவரை பிளாக் செய்வது அதற்குப் பிறகு. நீங்கள் புகார் செய்யப்போவதாக மிரட்டினால் முதலில் காணாமல் போவது அந்தப் பக்கம்தான்.

பேங்க்ல போய்க் கேட்டேன். "நீங்களே பின் போட்டு அனுப்பிருக்கீங்க, நாங்க என்ன பண்ண முடியும்"னுட்டாங்க.

சொன்னது பாதி சரி. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் வாடிக்கையாளரின் பொறுப்பைக் குறைக்கும் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி இருக்கிறது. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால், உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத இடத்தில், நஷ்டம் உங்களுடையதல்ல. ஆனால் ஏமாற்றப்பட்டு நீங்களே பின் போட்டு அனுப்பியது அதில் அடங்குவது கடினம். "ரிசர்வ் வங்கி விதிப்படி முழுப் பணமும் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மீதிப் பாதி என்னவென்றால், உங்கள் புகாரை எழுத்தில் வாங்கிப் புகார் எண் தருவது வங்கியின் வேலை. அதைக் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் cms.rbi.org.in பக்கத்தில் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அங்கே "பணத்தைத் தா" என்பதைவிட "1930 புகாருக்குப் பிறகும் வங்கி நடவடிக்கை எடுக்கவில்லை" என்பதுதான் வலுவான வாதம்.

நான் கார்டுல கட்டுனேன். அதுக்கும் இதே கதைதானா?

உங்களுக்கு ஒரு வழி கூட இருக்கிறது. டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ, பொருள் வந்து சேரவில்லை என்று வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வங்கி அந்தத் தகராறை கார்டு நிறுவனம் வழியாக விற்பவரின் வங்கிக்கு அனுப்பும். விற்பவர் "டெலிவர்டு" திரையைக் காட்டுவார் என்று மேலே சொன்னேன் அல்லவா, தபால் நிலையத்தில் வாங்கிய எழுத்து அப்போதுதான் கை கொடுக்கும். கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

நான் கேஷ் ஆன் டெலிவரிதான் போடுவேன். அப்ப பயமில்லேல்ல?

பயம் குறைவு, இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் செங்கல்லோ பழைய துணியோ இருக்கும் கதை எல்லா ஊரிலும் உண்டு. கொண்டுவரும் தம்பியிடம் சண்டை போட்டுப் பயனில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் கொடுத்த காசு உடனே விற்பவருக்குப் போவதில்லை. கூரியர் அதை வைத்திருந்து சில நாள் கழித்துத்தான் கொடுக்கும். ஆகவே அன்றைக்கே, பெட்டியின் லேபிள் படத்தோடும் பிரித்த வீடியோவோடும் கூரியரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, அந்தத் தொகையை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். கூடவே 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள்.

புகார் குடுக்க ராமநாதபுரம் வரைக்கும் போகணுமா? தொண்டியிலிருந்து ஒரு நாள் பொழைப்பு போயிரும்.

முதல் புகாருக்குப் போக வேண்டியதில்லை, 1930ம் இணையதளமும் போதும். வழக்காகப் பதிய வேண்டும் என்றால் மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். சம்பவம் வேறு எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்று இப்போதைய சட்டமே சொல்கிறது. ஒப்புகை எண், வங்கிக் கணக்கு அறிக்கை, படங்களின் அச்சுப் பிரதி இவற்றைக் கொண்டுபோனால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது.

"உங்கள் தொகை முடக்கப்பட்டது"ன்னு வந்துருக்கு. அப்ப காசு வந்துருமா?

முடக்கியது உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. யாருடைய பணம் என்று முடிவாகும்வரை அது அந்த வங்கியிலேயே நிற்கும். விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அப்படியானால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின் கீழ் மனு போடுவார்கள். எந்த நீதிமன்றம், எப்படி மனு என்பதை உங்கள் புகாரைக் கையில் வைத்திருக்கும் காவல் நிலையத்தில் கேளுங்கள். மண்டபத்துக்காரருக்கு 11,999இல் 4,100 மட்டும் இரண்டாவது கணக்கில் மாட்டியது. மீதி அவர் போன் போடுவதற்கு நாலு நாள் முன்பே ஏடிஎம்மில் போய்விட்டது.

"சைபர் செல்லுல இருந்து பேசுறோம், உங்க ரீஃபண்டு ரெடி, பிராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க"ன்னு ஒருத்தர் போன் பண்றாரு. உண்மையா இருக்குமோ?

இருக்காது. ஏமாந்தவர்களின் பட்டியலை ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்கு விற்கும், அல்லது அதே கூட்டமே குரலை மாற்றிக்கொண்டு வரும். உங்கள் தொகையும் தேதியும் சரியாகச் சொல்வதால்தான் நம்பத் தோன்றுகிறது. காவல் துறை பணத்தைத் திருப்பித் தரக் கட்டணம் வாங்காது. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போடவும் தேவையில்லை.

போன் திரையைப் பகிரும் ஆப் எதையாவது அவர் சொல்லி இறக்கியிருந்தால், உடனே இணையத்தை அணைத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி யூபிஐயை நிறுத்துங்கள். அந்த அழைப்பு வந்த எண்ணை sancharsaathi.gov.in பக்கத்தில் உள்ள சக்ஷு பகுதியில் பதிந்துவிடுங்கள். அதன் பிறகும் பணம் போயிருந்தால் அது தனிப் புகார், அதற்குத் தனி UTR எண்ணோடு மறுபடி 1930.